ஐந்து வண்டி, பதினைந்து தேதி

ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகிற சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். உள்ளே இரண்டு குட்டி யானை, ஒரு பிக்கப், இரண்டு ஐச்சர். மஞ்சள் மூட்டையும் துணி பேலும் ஏற்றி ஓடும் வண்டிகள். உரிமையாளர் உட்காரும் மேஜைக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். இன்ஷூரன்ஸ், பொல்யூஷன், எஃப்.சி. எது எப்போது முடிகிறதோ, அந்த நாளின் தாளில் சிவப்பு மையில் முன்கூட்டியே எழுதி வைப்பது அவர் வழக்கம். அந்தத் தாளைக் கிழிக்கும் நாளில் எழுத்து கண்ணில் படும். பல வருஷம் இந்த ஏற்பாடு பிசகாமல் ஓடியது.

பிசகியது ஒரு ஜனவரியில். புது வருஷத்துக்கு மளிகைக் கடைக்காரர் கொடுத்த புதுக் காலண்டரை மாட்டினார்கள். பழைய காலண்டரில் டிசம்பர் 31-க்கு அப்புறம் தாள் இல்லையே, ஜனவரி தேதியை எங்கே எழுதியிருக்க முடியும்? பெரிய ஐச்சரின் இன்ஷூரன்ஸ் ஜனவரி முதல் வாரத்தில் முடிந்தது. அது தெரியாமல் வண்டி ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் ஒரு மில் வாசலில் காவலாளி காகிதங்களைப் பார்த்துவிட்டு லோடோடு வெளியே நிறுத்திவிட்டார்.

"அபராதம் கட்டலீங்க, விபத்தும் ஆகலீங்க. சாமி காப்பாத்துச்சு. ஆனா அந்த ஒம்பது நாள் வண்டி எங்கெங்க போச்சுன்னு ட்ரிப் ஷீட்டை எடுத்துப் பாத்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் போட்ட பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் வடிவத்தை அப்படியே தருகிறேன். தேதிகளை மட்டும் கணக்குப் புரிவதற்காக மாற்றியிருக்கிறேன்.

மூன்று தாளுக்கும் மூன்று குணம்

முடிகிற தேதியை எழுதி வைத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த மூன்று சான்றுகளும் ஒரே மாதிரி புதுப்பிக்கப்படுவதில்லை. அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் பட்டியல் இருந்தும் பயனில்லை.

இன்ஷூரன்ஸ் ஓராண்டுக்கானது. பாலிசியில் போட்ட கடைசி நாளின் நள்ளிரவோடு முடியும். பத்துப் பதினைந்து நாள் முன்பே பணம் கட்டினாலும் புதிய பாலிசி பழையது முடிந்த மறு நிமிடத்திலிருந்துதான் தொடங்கும். எனவே முன்கூட்டிக் கட்டுவதால் ஒரு நாள்கூட நஷ்டமில்லை. தாமதித்தால் நிலைமை வேறு. இடைவெளி விழுந்துவிட்டால் புது பாலிசியைப் பழைய தேதியிலிருந்து தர மாட்டார்கள். சொந்த வண்டிக்கான சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு வேண்டுமென்றால் முதலில் வண்டியைப் பார்வையிட வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்பார்கள். இடைவெளி 90 நாளைத் தாண்டினால், கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்து வந்த தள்ளுபடியும் போய்விடும். இன்னொன்று, பிரீமியம் நிறுவனத்தின் கைக்குச் சேர்ந்தால்தான் காப்பு தொடங்கும். கொடுத்த செக் திரும்பினால் கையில் இருக்கும் பாலிசி வெறும் காகிதம்தான்.

பொல்யூஷன் சான்று நேர் எதிர். சோதனை செய்த நாளிலிருந்து அதன் காலம் ஓடத் தொடங்குகிறது. இருபது நாள் முன்னால் எடுத்தால் அந்த இருபது நாள் போனதுதான். ஆனால் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்பதால் அந்த நஷ்டத்தைத் தாராளமாகத் தாங்கலாம். கவனிக்க வேண்டியது கால அளவை. பி.எஸ். 4, பி.எஸ். 6 தரத்தில் வந்த வண்டிகளுக்கு ஓராண்டு. அதற்கு முந்தைய பி.எஸ். 3 வண்டிகளுக்கு ஆறே மாதம். புது வண்டிக்கு, பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரை சான்றே தேவையில்லை.

எஃப்.சி.தான் மூன்றிலும் கனமானது. தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டியை மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டியாகவே கருதுகிறது. புது வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டு. பிறகு வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எட்டைத் தாண்டினால் ஆண்டுதோறும். இதற்குக் காகிதம் மட்டும் போனால் போதாது, வண்டியே போக வேண்டும். போவதற்கு முன்னால் பிரேக், விளக்கு, டயர், டிங்கரிங், பெயின்டிங், ஒளிரும் ஸ்டிக்கர் என்று பட்டறை வேலை இருக்கும். அத்தனை நாளும் வண்டிக்கு வருமானம் இல்லை.

இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. எஃப்.சி.க்கு விண்ணப்பித்து வண்டியைக் காட்டும் நாளில் இன்ஷூரன்ஸும் பொல்யூஷனும் உயிரோடு இருக்க வேண்டும். வரி பாக்கியும் இருக்கக் கூடாது. ஆகவே எஃப்.சி. முடிகிற தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும், அதற்கு முன் மற்ற இரண்டில் ஒன்று செத்துப்போனால் எஃப்.சி. வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

இன்ஷூரன்ஸுக்கும் பொல்யூஷனுக்கும் இருந்த இன்னொரு முடிச்சு இப்போது அவிழ்ந்துவிட்டது. பொல்யூஷன் சான்று இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதனால் நிறைய வண்டிகள் இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓடும் நிலை வந்து, விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது சிக்கலாகிறது என்று காப்பீட்டுத் தரப்பு முறையிட்டது. 2024 ஜூலையில் நீதிமன்றம் அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டது. பழைய விதியை நினைத்துக்கொண்டு, பொல்யூஷன் எடுத்த பிறகு இன்ஷூரன்ஸ் பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பட்டியலில் என்ன இருக்கிறது

அவருடைய பட்டியல் கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் தாள். ஒரு வண்டிக்கு ஒரு வரிசை. வண்டி எண், பதிவான தேதி, எந்த பி.எஸ். என்பவை முதல் மூன்று கட்டங்கள். இவை மாறாதவை. ஆர்.சி.யைப் பார்த்து ஒரே ஒரு முறை எழுதினால் போதும். பதிவுத் தேதி எதற்கென்றால், எட்டு வயது எப்போது ஆகிறது என்று தெரிய. பி.எஸ். எதற்கென்றால், பொல்யூஷன் ஆறு மாதமா ஓராண்டா என்று தெரிய.

அடுத்த மூன்று கட்டங்களில் இன்ஷூரன்ஸ், பொல்யூஷன், எஃப்.சி. முடிகிற தேதிகள். ஐந்து வண்டிக்கு மூன்று வீதம் பதினைந்து. இவற்றுக்கு எதிரே இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று தாளே கணக்குப் போட்டுக் காட்டும். D2 கட்டத்தில் தேதி இருந்தால் சூத்திரம் இது:

```
=IF(D2="","தேதி இல்லை",D2-TODAY())
```

வெறும் கழித்தலாக எழுதாமல், கட்டம் காலியா என்று முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. அவர் ஆரம்பத்தில் மூன்று தேதிகளில் எது முந்தியது என்று MIN போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். MIN காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. ஒரு வண்டிக்கு பொல்யூஷன் தேதியை எழுத மறந்தால், மற்ற இரண்டில் முந்தியதைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். எழுதாத தேதிதான் மிகப் பெரிய ஆபத்து, அதைத்தான் அந்தத் தாள் மறைத்தது.

இதே போல இன்னொரு பொறி, தேதியை எழுதும் முறை. நாம் 08/04/2026 என்று எழுதினால் ஏப்ரல் 8. கம்ப்யூட்டரில் அமெரிக்க முறை வைத்திருந்தால் அது ஆகஸ்ட் 4. நான்கு மாதம் அவகாசம் இருப்பதாகப் பட்டியல் பொய் சொல்லும். 25/03/2026 என்று எழுதினால் 25-வது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அடையாளம் எளிது. தேதியாகப் புரிந்துகொண்டதைத் தாள் வழக்கமாகக் கட்டத்தின் வலது ஓரத்தில் வைக்கும். எழுத்தாக எடுத்துக்கொண்டது இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். மாதத்தைப் பெயராக 08-Apr-2026 என்று உள்ளிடுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டதும் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இதையே ஒரு நீளக் கணக்கு நோட்டில் போடலாம். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம் என்று மட்டும் போடக் கூடாது. எல்லா வண்டியும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். புரட்டிப் பார்க்க வேண்டிய பட்டியலை யாரும் பார்ப்பதில்லை.

கடைசி இரண்டு கட்டங்கள்தான் அவர் சொந்தமாகச் சேர்த்தவை. ஒன்று "வேலை தொடங்கும் நாள்". மற்றது "நிலை". இந்த இரண்டின் அருமை ஒரு வண்டியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிக்கப்பின் ஒன்றரை மாதம்

அவருடைய பிக்கப் 2018 பிப்ரவரியில் பதிவானது. பி.எஸ். 4. இடையில் ஒருமுறை எஃப்.சி. தள்ளிப்போனதால் சான்றின் தேதி ஏப்ரலுக்கு நகர்ந்துவிட்டது. 2026 பிப்ரவரி 23, திங்கட்கிழமை அன்று பட்டியலில் அந்த வரிசை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொல்யூஷன் மார்ச் 28, இன்னும் 33 நாள். இன்ஷூரன்ஸ் ஏப்ரல் 3, இன்னும் 39 நாள். எஃப்.சி. ஏப்ரல் 8, இன்னும் 44 நாள்.

தேதி வரிசைப்படி போனால் என்ன ஆகும்? மார்ச் கடைசியில் பொல்யூஷன் எடுப்போம். ஏப்ரல் முதல் வாரம் இன்ஷூரன்ஸ் கட்டுவோம். ஏப்ரல் 3 புனித வெள்ளி, அரசு விடுமுறை, அடுத்து சனி, ஞாயிறு. திங்கட்கிழமை எஃப்.சி.க்கு நாள் கிடைக்குமா என்று பார்ப்போம். அப்போது பட்டறை வேலையே தொடங்கியிருக்காது. கையில் இருப்பதோ மூன்று நாள். மூன்று தேதியையும் தெரிந்து வைத்திருந்தும் வண்டி நிற்கும்.

அவர் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறார். வண்டியைப் பார்வையிடும் அதிகாரி, ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் சரிசெய்து மறுபடி காட்ட இரண்டு வாரம் வேண்டும். எனவே வண்டியைக் காட்டும் நாளாக மார்ச் 25-ஐக் குறிக்கிறார். பட்டறைக்கு ஆறு நாள், மார்ச் 9 முதல் 14 வரை. பட்டறைக்காரரிடம் இடம் சொல்லி வைக்க இரண்டு வாரம் முன்பே பேச வேண்டும். ஆக, இந்த வண்டிக்கு வேலை தொடங்கும் நாள் பிப்ரவரி 23. எஃப்.சி.க்கு 45 நாள் என்று அவர் பொதுவாக வைத்திருக்கும் கணக்கும் இங்கிருந்து வந்ததுதான்.

மார்ச் 25 அன்று பழைய பொல்யூஷனும் பழைய இன்ஷூரன்ஸும் உயிரோடுதான் இருக்கும். அப்படியே காட்டிவிடலாமே என்று கேட்டேன்.

"காட்டலாமுங்க. பாஸ் ஆயிட்டா சரி. திருப்பி அனுப்பிட்டா மறுபடி போற நாள்ல ரெண்டுமே செத்திருக்கும். அப்ப எல்லாத்தையும் மறுபடி மொதல்ல இருந்து ஓடோணும்" என்றார்.

அதனால் பட்டறையிலிருந்து வண்டி வந்ததும், மார்ச் 16 அன்று பொல்யூஷன் சோதனை. பட்டறைக்கு முன்னால் செய்வதில் அர்த்தமில்லை. டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் மாற்றிய பிறகு புகை அளவு சாதகமாகவே வரும். பழைய சான்றில் பன்னிரண்டு நாள் வீணாகும், போகட்டும். இன்ஷூரன்ஸ் பணம் அதே வாரத்தில். அதில் நாள் வீணாவதே இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே கட்டுவதற்கு வேறு காரணம், வாகன் தளத்தில் பாலிசி விவரம் ஏறச் சில நேரம் தாமதமாகும். கையில் பாலிசி இருந்தும் தளத்தில் பழைய தேதியே தெரிந்தால் விண்ணப்பம் இழுபடும்.

பணத்தையும் இப்படிப் பின்னாலிருந்துதான் ஒதுக்க வேண்டும். 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு, 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 16,049 ரூபாய் பிரீமியம், வரி தனி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் அதற்கு மேல். பட்டறைச் செலவும் இதே மாதம் வந்து சேரும். எனவே இன்னொரு வண்டியின் எஃப்.சி. வேலையை அவர் ஒருபோதும் அதே மாதத்தில் வைப்பதில்லை. தேவைப்பட்டால் அதை ஒரு மாதம் முன்னுக்கு இழுத்துவிடுகிறார்.

பணம் கட்டினால் முடிந்ததா?

"நிலை" என்ற கட்டத்தில் நான்கே நான்கு வார்த்தை வரலாம்: தொடங்கவில்லை, பணம் கட்டியாச்சு, தாள் வந்தாச்சு, தளத்தில் பார்த்தாச்சு. நான்காவது வந்தால்தான் முடிகிற தேதியை மாற்றலாம். அதுவரை பழைய தேதியே நிற்கும், சிவப்பாகவே இருக்கும்.

இதற்கும் ஒரு அனுபவம் இருக்கிறது. ஒருமுறை டிரைவர் தம்பியிடம் பணம் கொடுத்து பொல்யூஷன் எடுத்து வரச் சொன்னார். தாள் வந்தது, ஃபைலில் போட்டார். மாதங்கள் கழித்து சோதனைச் சாவடியில், கணினியில் அப்படி ஒரு சான்றே இல்லை என்றார்கள். வண்டியை நிறுத்திப் படம் பிடிக்காமல், புகையைச் சோதிக்காமல் யாரோ அச்சடித்துக் கொடுத்த தாள் அது. பொல்யூஷன் சான்று இல்லாமல் ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போட இடமுண்டு. இப்போது எந்தத் தாள் வந்தாலும் வண்டி எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டு மூன்று தேதியையும் பார்க்கிறார். தாளும் செயலியும் ஒத்துப்போனால்தான் பட்டியலில் ஏற்றுகிறார்.

அரசுத் தரப்பிலிருந்து செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வருமே, அது போதாதா என்று கேட்கலாம். ஆர்.சி.யில் பதிந்திருக்கும் எண்ணுக்குத்தான் அது போகும். இரண்டாம் கையாக வாங்கிய வண்டிகளில் பழைய உரிமையாளரின் எண்ணோ, பதிவு செய்து கொடுத்த ஏஜென்டின் எண்ணோ இருப்பது சகஜம். இவருடைய சின்ன ஐச்சருக்கு வந்த செய்திகள் இரண்டு வருஷம் யாருக்கோ போய்க்கொண்டிருந்தன. கேபின் கதவில் பெயின்டில் எழுதிய எஃப்.சி. தேதியையும் நம்ப முடியாது. புது எஃப்.சி. வந்த பிறகு மாற்றி எழுத யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பட்டியலை எப்போது பார்ப்பது? அவர் ஷெட்டில் வெள்ளிக்கிழமை காலை எல்லா வண்டிக்கும் பூஜை உண்டு. எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்ததும், வண்டிகள் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் பட்டியல். எஃப்.சி. 45 நாளுக்குள், இன்ஷூரன்ஸ் 30 நாளுக்குள், பொல்யூஷன் 15 நாளுக்குள் வந்திருந்தால் அந்த வண்டியின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார். டிரைவர்களும் அங்கேயே நிற்பதால் யார் எதற்குப் போவது என்று அப்போதே முடிவாகிவிடுகிறது.

புதுக் குட்டி யானையின் வரிசையில் பொல்யூஷன் கட்டம் வெகுநாள் காலியாகவே இருந்தது. 2025 அக்டோபர் 10-இல் பதிவான வண்டி, ஓராண்டுக்குச் சான்று தேவையில்லை என்பதால் விட்டுவிட்டார். தாள் வாராவாரம் "தேதி இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2026 அக்டோபர் 9 என்று எழுதினார். சான்று முடிகிற தேதி இல்லை அது, சான்று இல்லாமல் ஓட்டக்கூடிய கடைசி நாள். பட்டியலுக்கு இரண்டும் ஒன்றுதான். நேர்மாறாக, பெரிய ஐச்சர் 2012-ஆம் வருஷத்து பி.எஸ். 3 வண்டி. அதன் பெயர் ஆண்டுக்கு இரண்டு முறை பொல்யூஷனுக்காக வெள்ளிக்கிழமைப் பட்டியலில் வரும்.

பிக்கப்பின் எஃப்.சி. சான்று கைக்கு வந்ததும் என்ன தேதி எழுத வேண்டும்? இதுவரை ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்தோடு இரண்டைக் கூட்டி எழுதியே பழக்கம். 2020, 2022, 2024, 2026 என்று வந்ததால் கை தானாக 2028 என்று எழுதப் போகும். ஆனால் பிப்ரவரியிலேயே அந்த வண்டிக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. இனி ஓராண்டுதான். மனக்கணக்காக 2028 என்று எழுதினால் 2027-இல் எஃப்.சி. இல்லாமல் ஓராண்டு வண்டி ஓடும், பட்டியலும் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கிளெய்மில் தகராறு செய்யும். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திருப்பிக் கேட்கவும் முயலும்.

அதற்காகத்தான் தாளின் தலைப்பிலேயே அவர் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்: "கூட்டிப் போடாதே, பார்த்து எழுது."